மோர் புரோபயாட்டிக்கா? பாக்கெட் மோரில் உயிர் இருக்கிறதா?

கேள்வி: என் மாமியாருக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "கூடவே மோர் நிறையக் குடிங்க, நல்ல பாக்டீரியா கிடைக்கும்" என்றார். வீட்டில் அவருக்கு மோர் சிலுப்பிக் கொடுத்துவிடுகிறேன். நான் மட்டும் ஆபீஸில் டெட்ரா பேக்கில் வரும் மசாலா மோர் வாங்கிக் குடிக்கிறேன். என் மகனோ, "பாஸ்டரைஸ் பண்ணியதுன்னு போட்டிருக்கு பாரும்மா, அதுல எல்லாம் செத்துப் போயிருக்கும்" என்கிறான். ஆனால் அது நன்றாகப் புளிக்கிறதே, உயிர் இல்லாமல் எப்படிப் புளிக்கும்? மோர் உண்மையில் புரோபயாட்டிக் உணவுதானா? கடை மோருக்கு அந்தப் பெயர் பொருந்துமா?
— வாசகி, விருதுநகர்

பதில்: நல்ல வழக்கு. தாயும் மகனும் ஆளுக்கொரு காரணம் சொல்கிறீர்கள், இரண்டு காரணங்களுமே இடறுகின்றன. டெட்ரா பேக் மோரைப் பற்றி உங்கள் மகன் வந்து சேர்ந்த முடிவு சரி, ஆனால் அவர் காட்டும் சாட்சி தவறு. நீங்கள் காட்டும் புளிப்பும் சாட்சியாகாது. முதலில் இந்த இரண்டையும் பார்த்துவிடலாம்.

புளிப்பிலிருந்து தொடங்குவோம். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. உறைமோரிலுள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று, லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகின்றன. நாக்கில் புளிப்பது இந்த அமிலம்தான். அமிலத்துக்கு உயிர் கிடையாது. அதை உண்டாக்கிய பாக்டீரியா இறந்துபோனாலும் அமிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், சூடு பட்டாலும் போகாது. மோர்க்குழம்பை அடுப்பில் வைத்து நுரை கட்டும்வரை சூடாக்குகிறோம். அதிலுள்ள பாக்டீரியாவில் பெரும்பகுதி அப்போதே மடிந்துவிடுகிறது, குழம்பின் புளிப்போ குறைவதில்லை. ஆக, புளிப்பு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இங்கே ஒரு காலத்தில் பாக்டீரியா வேலை செய்திருக்கிறது. சில பானங்களில் அதுகூட நிச்சயமில்லை. சிட்ரிக் அமிலம் சேர்த்தும் புளிப்பை வரவழைக்கலாம். பொருள் பட்டியலில் 'ஐ.என்.எஸ். 330' என்று இருந்தால் அது சிட்ரிக் அமிலம்.

இதே வரிசையில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. மூன்று நாள் புளித்த மோரில் பாக்டீரியா மூன்று மடங்கு இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாங்கள் உண்டாக்கிய அமிலம் ஓர் அளவைத் தாண்டும்போது பாக்டீரியாவின் வளர்ச்சியே நின்றுவிடுகிறது, பிறகு எண்ணிக்கை இறங்கத் தொடங்குகிறது. உயிர்ப்பு மிக அதிகமாக இருப்பது அன்று உறைந்த, இளம்புளிப்புத் தயிரில்தான்.

இனி மகன் காட்டிய 'பாஸ்டரைஸ்' என்ற சொல். கிருமிகளைக் கொல்வதற்காகப் பாலைக் குறிப்பிட்ட வெப்பத்தில் குறிப்பிட்ட நேரம் வைத்திருப்பதே பாஸ்டரைசேஷன். 72 டிகிரி செல்சியஸில் 15 வினாடி என்பது பரவலாக உள்ள ஒரு முறை. பாக்கெட்டில் 'பாஸ்டரைஸ் செய்த பால்' என்று பொருள் பட்டியலில் இருந்தால், மோர் ஆவதற்கு முன்பு பாலைச் சூடாக்கினார்கள் என்று மட்டுமே பொருள். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். பாலைப் பொங்கக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்து, அதன் பிறகே உறை ஊற்றுகிறீர்கள். காய்ச்சியதில் பழைய கிருமிகள் போகின்றன, உறையோடு புதிய பாக்டீரியாக்கள் உள்ளே வருகின்றன. அதனால் கேட்க வேண்டிய கேள்வி சூடு பட்டதா என்பதல்ல, எப்போது பட்டது என்பது. உறைவதற்கு முன்பு பட்ட சூட்டால் மோரின் உயிர் குறையாது. உறைந்த பிறகு பட்ட சூடுதான் அதைப் பறிக்கிறது.

இதைத் தொழிற்சாலைக்குள் போய்ப் பார்த்தால் தெளிவாகும். கடையில் கிடைக்கும் மோர் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, குளிர்பெட்டியில் இருக்கும் பிளாஸ்டிக் பை. மற்றொன்று, வெளியே அலமாரியில் அடுக்கியிருக்கும் டெட்ரா பேக். பாதி வழிவரை இரண்டும் ஒரே பாதையில்தான் வருகின்றன. பாலை 90 டிகிரி அளவுக்குச் சூடாக்கிச் சில நிமிடம் வைக்கிறார்கள். பிறகு ஆறவைத்து, 'கல்ச்சர்' சேர்க்கிறார்கள். நம் வீட்டு உறைமோருக்குப் பதிலாக அவர்கள் பயன்படுத்தும், தேர்ந்தெடுத்து வளர்த்த பாக்டீரியாக் கலவை அது. 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் ஓரிரவு உறைய விட்டால், பி.ஹெச். 4.5 அளவுக்கு இறங்கித் தயிராகிவிடும். பி.ஹெச். என்பது புளிப்பை அளக்கும் எண், எண் இறங்க இறங்கப் புளிப்பு ஏறும். அந்தத் தயிரைக் கலக்கி, நீர், உப்பு, இஞ்சி, சீரகம், பச்சைமிளகாய்ச் சாறு முதலியவற்றைச் சேர்த்தால் மோர் தயார்.

இங்கேதான் பாதை பிரிகிறது. பையில் வரும் சாதாரண மோரை உடனே 5 டிகிரிக்குக் குளிர்வித்து நிரப்பிவிடுகிறார்கள். பாக்டீரியா அதில் அடங்கிக் கிடக்கும், சாகாது. அதனால்தான் அதன் ஆயுள் சில நாட்கள்தான், குளிர்பெட்டியை விட்டு வெளியே வைத்தால் புளித்து, பை உப்பிவிடவும் கூடும். டெட்ரா பேக்குக்குப் போகும் மோரை மறுபடி சூடாக்குகிறார்கள். 135 முதல் 140 டிகிரி வெப்பத்தில் சில வினாடிகள், அதன் பிறகு கிருமி புகாத சூழலில் நிரப்புதல். யு.ஹெச்.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மிகை வெப்ப முறை இது. லாக்டிக் பாக்டீரியாக்கள் 70 டிகிரியிலேயே தாக்குப்பிடிக்காதவை, 140-இல் ஒன்றுகூட மிஞ்சாது. மாதக்கணக்கில் வெளியே வைத்தாலும் அந்த மோர் மேலும் புளிக்காமல் இருப்பதற்கு இதுதான் காரணம். உயிருள்ள மோர் எதையும் உங்கள் ஊர் வெயிலில் ஆறு மாதம் அலமாரியில் வைத்திருக்க முடியாது.

சூடாக்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதுவே வாங்குபவருக்கு ஒரு துப்பும் ஆகிறது. புளித்த மோரைச் சூடாக்கினால் பால் புரதமான கேசீன் திரிந்து, திப்பித் திப்பியாகிவிடும். மோர்க்குழம்பில் தேங்காயும் ஊறவைத்த பருப்பும் அரைத்து விடுவதும், கொதிக்கவிடாமல் இறக்குவதும் இதைத் தடுக்கத்தான். தொழிற்சாலையில் அதற்குப் பெக்டின் சேர்க்கிறார்கள். பழத்தோலிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள் அது, பட்டியலில் ஐ.என்.எஸ். 440. புரதத் துணுக்குகளைச் சுற்றிப் படிந்து அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். அதனால் பெக்டின் என்ற பெயரைக் கண்டால், பிறகு சூடாக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஆனால் முடிவாகச் சொல்லிவிட முடியாது, நீர் பிரியாமல் இருக்கக் குளிர்ந்த மோரிலும் கெட்டிப்படுத்தும் பொருள் சேர்ப்பதுண்டு. நம்பத்தகுந்த அடையாளம் ஆயுளும் வைக்கும் இடமும்தான். 'குளிரில் வைக்கவும், சில நாட்களுக்குள் பயன்படுத்தவும்' என்றிருந்தால் உயிர் இருக்க வாய்ப்பு மிக அதிகம். 'திறக்கும்வரை குளிர் தேவையில்லை' என்றிருந்தால் உயிர் இல்லை. இரண்டுக்கும் நடுவில், குளிரில் வைத்தும் வாரக்கணக்கில் ஆயுள் சொல்லும் பாக்கெட்டுகளில் சில, உறைந்த பின் 60 டிகிரியை ஒட்டி இலேசாகச் சூடாக்கப்பட்டவையாக இருக்கலாம். அவற்றில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கும். உணவுத் தரங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பான கோடெக்ஸ், இப்படி உறைந்த பின் சூடாக்கியதை 'சூடாக்கிய புளித்த பால்' என்று தனிப் பெயரிலேயே சொல்ல வேண்டும் என்கிறது. 'ஹீட் ட்ரீட்டட்' என்ற சொல்லைப் பாக்கெட்டில் கண்டால் அது பாலைப் பற்றியதா, உறைந்த மோரைப் பற்றியதா என்று நிதானமாகப் படியுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம், இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். உயிருள்ள மோர் பாலை உறைய வைக்கும், இறந்த மோரால் முடியாது. கொதிநீரில் கழுவிய மூன்று டம்ளர்களில், காய்ச்சி இளஞ்சூட்டுக்கு ஆறவைத்த பாலைத் தலா 100 மில்லி ஊற்றுங்கள். முதல் டம்ளரில் பாக்கெட் மோர் ஒரு தேக்கரண்டி. இரண்டாவதில் வீட்டுத் தயிர் அரைத் தேக்கரண்டி. மூன்றாவதில் எதுவும் வேண்டாம். மூடி, 12 மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். வீட்டுத் தயிர் ஊற்றியது உறைந்து, பாக்கெட் மோர் ஊற்றியதும் உறைந்து, மூன்றாவது பாலாகவே இருந்தால், பாக்கெட் மோரில் உயிர் இருக்கிறது. பாக்கெட் மோர் ஊற்றியது மூன்றாவதைப் போலவே பாலாக நின்றுவிட்டால் உயிர் இல்லை.

மூன்றாவது டம்ளரைத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். அது தானாகவே உறைந்துபோனால் பாலிலோ பாத்திரத்திலோ ஏற்கெனவே கிருமி இருந்திருக்கிறது, சோதனை செல்லாது. மோரையும் அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். நாலைந்து கரண்டி ஊற்றினால் அதன் புளிப்பே பாலைத் திரித்துவிடும், அது உறைந்ததுபோல் கண்ணை ஏமாற்றும். உறைந்த தயிர் வழவழப்பாக ஒரே கட்டியாக நிற்கும். திரிந்த பாலில் துணுக்குகளும் பச்சை நீரும் தனித்தனியே தெரியும். முடிந்தால் மசாலா சேர்க்காத மோரில் சோதியுங்கள். உறை கிடைக்காத வீடுகளில் காம்போடு பச்சைமிளகாயைப் பாலில் போட்டுத் தயிர் தோய்ப்பார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். மிளகாய்க் காம்பிலும் லாக்டிக் பாக்டீரியா ஒட்டியிருக்கும். சோதனைப் பாலைக் குடிக்காமல் கொட்டிவிடுவது நல்லது. பாக்கெட் மோர் ஊற்றிய பால் 12 மணி நேரத்தில் அரைகுறையாகவே உறைந்திருந்தால் அவசரப்பட வேண்டாம், குளிரில் பல நாள் கிடந்த பாக்டீரியா மெதுவாகத்தான் எழும். இன்னும் சில மணி நேரம் கொடுத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். உயிர் இருந்தால் அது புரோபயாட்டிக் ஆகிவிடுமா?

இங்கேதான் விளம்பரங்களும் நல்லெண்ணத்தோடு பேசும் பலரும் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பும் 2001-இல் கூட்டிய நிபுணர் குழு ஒரு வரையறை சொன்னது. போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக். அதில் மூன்று நிபந்தனைகள் அடங்கியிருக்கின்றன: உயிரோடு இருக்க வேண்டும், போதிய எண்ணிக்கையில் இருக்க வேண்டும், அந்த நன்மை ஆய்வில் நிரூபணமாகியிருக்க வேண்டும்.

வீட்டு மோர் முதல் இரண்டையும் எளிதில் தாண்டிவிடும். தண்ணீர் விட்டுப் பெருக்கினால் பாக்டீரியா போய்விடாதா என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. நன்றாக உறைந்த தயிரில் ஒரு கிராமுக்கு 10 கோடி பாக்டீரியா இருப்பது சாதாரணம். 50 கிராம் தயிரை எடுத்து, மூன்று பங்கு நீர் விட்டு ஒரு பெரிய டம்ளர், 200 மில்லி மோராக்குகிறீர்கள் என்று வையுங்கள். ஒரு மில்லியில் எத்தனை என்று கேட்டால் எண்ணிக்கை நாலில் ஒன்றாகக் குறைந்ததுபோல் தெரியும். ஆனால் நீங்கள் குடிப்பது முழு டம்ளரையும் அல்லவா? 50-ஐ 10 கோடியால் பெருக்கினால் 500 கோடி. அந்த 50 கிராம் தயிரில் இருந்தது அத்தனையும் டம்ளரில்தான் இருக்கிறது. புரோபயாட்டிக் என்று சொல்லி விற்கும் உணவில், ஒரு நாளைக்குச் சாப்பிடும் அளவில் குறைந்தது 10 கோடி இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதைப்போல் 50 மடங்கு உங்கள் டம்ளரில் இருக்கிறது. நாம் போடும் அளவு உப்போ, இஞ்சியோ, பெருங்காயமோ குடிப்பதற்குள் அவற்றை ஒன்றும் செய்துவிடாது.

மோர் தடுக்கி நிற்பது மூன்றாவது நிபந்தனையில். பாக்டீரியாவில் இனம் மட்டும் தெரிந்தால் போதாது, அதற்குள் 'ஸ்ட்ரெய்ன்' என்ற வகையும் தெரிய வேண்டும். ஒரே இனத்துக்குள் இருக்கும் தனித்தனி வம்சாவளி என்று அதைச் சொல்லலாம். நெல் என்ற ஒரே பயிருக்குள் மாப்பிள்ளைச் சம்பாவும் பொன்னியும் வேறு வேறு குணத்தோடு இருக்கின்றன அல்லவா, அதுபோல. ஆய்வுகள் நடப்பது ஸ்ட்ரெய்ன் மீதுதான். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-இல் பிரித்தெடுத்த பாக்டீரியா 'ஷிரோட்டா' என்ற ஸ்ட்ரெய்ன் பெயரோடுதான் 1935 முதல் யாகுல்ட் பானத்தில் விற்பனையாகிறது. உங்கள் வீட்டு உறைமோரில் எந்த ஸ்ட்ரெய்ன் இருக்கிறது? யாராலும் சொல்ல முடியாது. லாக்டோகாக்கஸ், லாக்டோபேசிலஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்துப் பாக்டீரியாக்கள் கலந்திருக்கும், கூடவே கொஞ்சம் ஈஸ்டும் இருக்கலாம். உங்கள் வீட்டில் ஒரு கலவை, அடுத்த வீட்டில் வேறொன்று. மழைக்காலத்திலும் கோடையிலும் அந்த விகிதமே மாறும். இப்படி மாறிக்கொண்டிருக்கும் கலவையின் மீது, இன்ன நோய்க்கு இவ்வளவு நன்மை என்று யாரும் முத்திரை குத்த முடியாது.

ஆகவே கண்டிப்பான பொருளில் வீட்டு மோர் புரோபயாட்டிக் அல்ல, உயிருள்ள பாக்டீரியா கொண்ட புளித்த உணவு. இப்படிச் சொல்வது அதைத் தாழ்த்துவதாகாது. தயிர் வகைகளுக்கு உறுதியாக நிரூபணமான ஒரு நன்மை உண்டு. யோகர்ட்டில் இருக்கும் இரண்டு பாக்டீரியாக்கள், பல்கேரிகஸும் தெர்மோஃபிலஸும், பால் சர்க்கரையைச் செரிக்க உதவும் நொதியைத் தங்களுக்குள் வைத்திருக்கின்றன. சிறுகுடலில் பித்தநீர் பட்டு அவை உடையும்போது அந்த நொதி வெளிப்பட்டு, நம்மிடம் குறைவாக இருக்கும் நொதியின் வேலையைச் செய்கிறது. பால் குடித்தால் வயிறு உப்புசம் காணும் பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்வதற்கு இது முக்கியக் காரணம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்றுக்கொண்ட கூற்று இது, கிராமுக்கு 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நம் தயிரில் பல நேரம் இவை இரண்டும் இருக்கின்றன. மேலும், மூன்று பங்கு நீர் விட்ட மோரில் லாக்டோஸ் நூற்றுக்கு ஒரு கிராம் அளவுதான் இருக்கும், பாலில் 4.5 கிராமுக்கு மேல் இருக்கிறது. பாக்டீரியா இறந்த டெட்ரா பேக் மோருக்கும் இந்தக் கடைசிப் பயன் பொருந்தும்.

கடைப் பொருளில் 'புரோபயாட்டிக்' என்ற சொல்லைக் கண்டால், கூடவே ஸ்ட்ரெய்னின் பெயரும் எண்ணிக்கையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இனப்பெயருக்குப் பின்னால் எழுத்தோ எண்ணோ சேர்ந்து வந்தால் அதுதான் ஸ்ட்ரெய்ன். வெறும் 'நல்ல பாக்டீரியா' என்று மட்டும் இருந்தால் அது விளம்பரச் சொல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாமியார் விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் ஆய்வுச் சான்று இருப்பது எல்.ஜி.ஜி. என்ற பாக்டீரியா, பௌலார்டி என்ற ஈஸ்ட் போன்ற குறிப்பிட்ட சிலவற்றுக்குத்தான். வீட்டு மோருக்கு அந்த அளவு சான்று கிடையாது. ஆனாலும் நீரும் உப்பும் சேர்ந்த, எளிதில் செரிக்கும் பானம் என்ற வகையில் டாக்டர் சொன்னது நல்ல யோசனை, தொடருங்கள். மற்றொன்று இதைவிட முக்கியம். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்ஸிசைக்ளின் போன்ற சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளோடு பாலிலும் மோரிலும் உள்ள கால்சியம் ஒட்டிக்கொண்டு, மருந்து உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். மாத்திரையை மோரோடு விழுங்கக் கூடாது. எத்தனை மணி நேர இடைவெளி வேண்டும் என்று மாத்திரையின் பெயரைச் சொல்லி டாக்டரிடமோ மருந்துக்கடை மருந்தாளுநரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆபீஸ் மோரைப் பொறுத்தவரை, தாகத்துக்கும் சுவைக்கும் டெட்ரா பேக் போதும். பாக்கெட்டின் பின்புறம் சோடியம் அளவை மட்டும் ஒருமுறை பாருங்கள், ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அது பொருட்டு. உயிருள்ள மோர்தான் வேண்டுமென்றால், காலையில் குளிர்ந்த நீரில் சிலுப்பி பாட்டிலில் எடுத்துப் போங்கள், இல்லையேல் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் பை மோரை வாங்குங்கள். பையை வாங்கும்போது தயாரித்த தேதியையும், கடைக்காரர் அதைக் குளிர்பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறாரா என்பதையும் பார்த்து வாங்கவும்.